தீயணைப்பான் லேபிள்: தரைத்தளம், பின்னலாடைக் கூடம், திருப்பூர்

தீயைக் கண்டால்: சத்தம் போடவும். அலாரத்தை அழுத்தவும். 101-ஐ அழைக்கவும். மின் தீயானால் மெயினையும், கேஸ் தீயானால் வால்வையும் நிறுத்தவும். அதன் பிறகே சிலிண்டர். வெளியேறும் வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். தீ உங்கள் இடுப்பு உயரத்தைத் தாண்டிவிட்டால் சிலிண்டரை எடுக்காமல் வெளியே போய்விடுங்கள்.

எழுத்தும் படமும்

இங்கே எல்லாச் சிலிண்டரும் சிவப்புதான். கழுத்துக்குக் கீழே உள்ள நிறப்பட்டையையும் அதன் கீழ் உள்ள எழுத்தையும் படத்தையும் பார்த்து எடுங்கள். ஒரு படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தால், அந்தத் தீக்கு அந்தச் சிலிண்டர் ஆகாது.

A எரியும் விறகுக் கட்டு: துணி ரோல், நூல், அட்டைப்பெட்டி, மரம். கனன்று கரியாகும் பொருள் எல்லாம் இதில் சேரும்.
B கேனும் தீயும்: டீசல், தின்னர், பெயின்ட், கிரீஸ்.
C எரியும் பர்னர்: எல்பிஜி போன்ற வாயு.
D பல்சக்கரம்: மக்னீசியம், அலுமினியத் தூள். இந்தக் கூடத்தில் அந்த வேலை இல்லை, அதற்கான சிலிண்டரும் இல்லை.
F எரியும் வாணலி: சமையல் எண்ணெய்.
மின்னல் கோடு: மின்சாரம் ஓடும் சாதனம். இதற்குத் தனி எழுத்து கிடையாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டால், எரிவது வயர் உறையா துணியா என்று பார்த்து அதற்குரிய எழுத்துக்குப் போகலாம்.

வெளிநாட்டு மெஷினோடு வந்த சிலிண்டரில் எச்சரிக்கை தேவை. அமெரிக்க லேபிளில் C என்றால் மின்சாரம், K என்றால் சமையல் எண்ணெய். நம் C வாயு. எழுத்தோடு படமும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலப் பட்டை: ஏபிசி பவுடர், 6 கிலோ (தையல் வரிசை, கட்டிங், வாசல்)
பொருந்தும்: A, B, C, மின்னல். ஆகாது: D, F.

உள்ளே இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். சூட்டில் உருகி எரியும் பொருள் மேல் ஓடு போலப் படியும். அதனால்தான் துணிக்கும் இது வேலை செய்கிறது. ஆனால் இது குளிர வைக்காது. பனியன் ரோலில் மேல் தீ அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும், அரைமணி கழித்துக்கூட மறுபடி பிடிக்கும். ரோலை வெளியே இழுத்துப் போட்டு, பிரித்து, தண்ணீர் ஊற்றிய பிறகே விடவும்.

கேஸ் குழாயில் தீ என்றால் வால்வை மூட முடிந்தால் மட்டும் அணைக்கவும். மூடாமல் தீயை மட்டும் அணைத்தால், காற்றைவிடக் கனமான எல்பிஜி தரையோடு பரவி, வேறெங்கோ ஒரு பொறியில் வெடிக்கும்.

பவுடர் ஈரத்தோடு சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். எம்பிராய்டரி மெஷினின் கன்ட்ரோல் போர்டுக்குக் கருப்புப் பட்டை பக்கத்தில் இருந்தால் அதையே எடுங்கள்.

கருப்புப் பட்டை: CO₂, 4.5 கிலோ (பேனல் அறை, சர்வர், எம்பிராய்டரி)
பொருந்தும்: B, மின்னல். ஆகாது: A, D, F.

ஹார்னை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். வெளியே வரும் வாயு மைனஸ் 78 டிகிரி வரை குளிரும், தோல் ஹார்னில் ஒட்டிப் புண்ணாகும். ரப்பர் பிடியை மட்டும் பிடிக்கவும். தீக்கு ஒன்றரை மீட்டர் வரை நெருங்க வேண்டும், தள்ளி நின்றால் வாயு கலைந்துவிடும். பேனல் அறை சிறியது: அடித்ததும் வெளியே வந்து கதவை மூடவும், காற்றோட்டம் விடாமல் உள்ளே போகக் கூடாது, மூச்சு முட்டும். எச்சம் எதுவும் இராது. குளிர்ச்சியும் அதிகம் தராது, அதனால் தீ திரும்பப் பிடிக்கிறதா என்று கதவுக்கு வெளியே நின்று கவனிக்கவும்.

இதில் கேஜ் கிடையாது. உள்ளே திரவம் இருக்கும் வரை அழுத்தம் ஒரே அளவில்தான் நிற்கும், எனவே எடைதான் கணக்கு. கழுத்தில் குத்தியுள்ள காலி எடையோடு 4.5 கிலோ சேர்த்துப் பார்க்கவும். 450 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் ரீஃபில்.

கிரீம் பட்டை: ஃபோம், 9 லிட்டர் (பிரிண்டிங் மேசை, டீசல் ஜெனரேட்டர்)
பொருந்தும்: A, B. ஆகாது: C, D, F. மின்சாரம் ஓடும்போது வேண்டவே வேண்டாம்.

எரியும் திரவத்துக்குள் நேராகப் பாய்ச்சினால் திரவம் தெறித்துத் தீ பரவும். பின்னால் உள்ள சுவரில் அடித்து, நுரை வழிந்து மேலே படரும்படி விடவும். படர்ந்த நுரையைக் கிளறவோ மிதிக்கவோ கூடாது. பிரிண்டிங் பிரிவுக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை: ஆல்கஹால், அசிட்டோன் இரண்டும் இந்த நுரையைக் கரைத்துவிடும். அவை எரிந்தால் நீலப் பட்டை.

மஞ்சள் பட்டை: வெட் கெமிக்கல், 6 லிட்டர் (கேன்டீன் சமையலறை)
பொருந்தும்: F, A. ஆகாது: C, D, மின்னல்.

முதலில் கேஸை மூடவும். ஒரு மீட்டர் தள்ளி நின்று, நீளக் குழாயால் மெதுவாகத் தூவவும். பொட்டாசியம் உப்புக் கரைசல் சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரையாகி மேலே மூடும், எண்ணெயையும் குளிர வைக்கும். சிலிண்டர் காலியாகும் வரை அடிக்கவும். வாணலியை நகர்த்தாதீர்கள், ஆறும் வரை மூடியையும் திறக்காதீர்கள்.

எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகும், ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் ஆவி. அந்த ஆவி எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். பவுடர் அடித்தால் தீ அணைந்ததுபோல் தெரியும், எண்ணெய் ஆறாததால் உடனே மறுபடி பிடிக்கும்.

பட்டை இல்லாத சிவப்பு: தண்ணீர், 9 லிட்டர் (குடோன்)
பொருந்தும்: A மட்டும். கனலும் பஞ்சுக்கும் துணிக்கும் இதைவிட நல்லது இல்லை. மெயின் ஆஃப் செய்யாமல் தொடாதீர்கள்.

இயக்கும் முறை

1. சீலை அறுத்து பின்னை இழுக்கவும். கைப்பிடியை அழுத்திக்கொண்டே இழுத்தால் பின் வராது, பலரும் திணறுவது இங்கேதான்.
2. பவுடரானால் 2 முதல் 3 மீட்டர் தள்ளி நிற்கவும். திறந்த வெளியில் காற்று முதுகில் படும்படி நிற்கவும்.
3. நாசிலைத் தீயின் அடிக்கு நீட்டவும், சுவாலையின் நுனிக்கு அல்ல.
4. கைப்பிடியை அழுத்தி, பக்கவாட்டில் வீசியபடி முன்னேறவும். 6 கிலோ பவுடர் சுமார் 15 வினாடிதான் வரும், சோதித்துப் பார்க்கவென்று வீணாக்க வேண்டாம்.
5. அணைந்த பிறகும் முதுகைக் காட்டாமல் பின்வாங்கவும்.

மாதம் ஒருமுறை, பிரிவு மேற்பார்வையாளர்

கேஜ் முள் பச்சையில் இருக்கிறதா, பின்னும் சீலும் சரியா, ஹோஸில் வெடிப்போ பூச்சிக்கூடோ இருக்கிறதா என்று பார்க்கவும். பவுடர் சிலிண்டரைக் கழற்றித் தலைகீழாக்கிக் குலுக்கவும், மாதக்கணக்கில் ஒரே நிலையில் நின்றால் பவுடர் அடியில் இறுகிவிடும். ரீஃபில் செய்பவர் ஏபிசி பவுடரையும் சோடியம் பைகார்பனேட் பவுடரையும் கலக்கக் கூடாது: இரண்டும் வினைபுரிந்து கட்டியாகும், உள்ளே வாயுவும் உண்டாகும்.

சிலிண்டர் எண்: த-07. கடைசி ரீஃபில்: 03/2025. அடுத்த அழுத்தச் சோதனை: 03/2028.

ஒரு வினாடி அடித்திருந்தாலும் கொக்கியில் திரும்ப மாட்டாதீர்கள். வால்வில் சிக்கிய பவுடர் வழியாக அழுத்தம் கசிந்து, மறுநாளே முள் சிவப்புக்கு இறங்கியிருக்கும். "பயன்படுத்தியது" அட்டையைக் கட்டி, கிடைமட்டமாகக் கிடத்தி, பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லவும்.