வெளியீட்டு விழா தொடக்கப் படம்: மாற்றி எழுதிய ஸ்கிரிப்ட்

குழுவினருக்கு, படிக்கும் முன்

பழைய ஸ்கிரிப்டில் 12-வது விநாடியிலேயே நாம் வெளியிடும் காது கேட்கும் கருவி வந்து நீல வெளிச்சத்தில் சுழல்கிறது. அதற்கு முன்பாகவே "செவித்திறனில் ஒரு புரட்சி" என்று குரல் சொல்லிவிடுகிறது. அப்புறம் மீதி இரண்டு நிமிடம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நிழலுருவம் காட்டுவது, ஓரத்தை மட்டும் காட்டுவது, துணி போட்டு மூடுவது எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மூடியிருப்பது காதில் வைக்கும் கருவி என்று தெரிந்துவிட்டால் துணியை எடுக்கும்போது யாரும் நிமிர்ந்து உட்காரப் போவதில்லை.

அதனால் கருவி இந்தப் படத்தில் வரவே வராது. அதன் பெயரும் வராது. "காது", "செவி", "கேட்பது", "ஒலி", "சத்தம்" ஆகிய சொற்கள் பின்னணிக் குரலில் ஒருமுறைகூட இல்லை. படம் முழுக்க ஒரு பெரியவர் தன் வீட்டில் ஏதோ சதி நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். அரங்கும் அந்தச் சதியைத் தேடிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் அவருக்கு நடந்தது அரங்குக்கும் நடந்துகொண்டிருக்கும்.

நீளம் 2 நிமிடம் 20 விநாடி. பின்னணிக் குரல் பெரியவருடையது: எழுபதைத் தாண்டியவர், குறும்புக்காரர், தன் மேல் துளியும் சந்தேகம் இல்லாதவர். சோகமாகப் பேசக்கூடாது. பேசினால் 20-வது விநாடியிலேயே குட்டு உடைந்துவிடும்.

---

0:00 – 0:14

*கறுப்புத் திரை. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக், மிகத் துல்லியமாக. ஐந்தாவது டிக்கில் படம் விரிகிறது: காலை வெளிச்சம் விழும் கூடம், திறந்த ஜன்னல், அதை ஒட்டி ஒரு கிளை. கிளையில் குருவியின் கீச்சு. எங்கோ சாவிக்கொத்து குலுங்குகிறது. காகிதம் புரள்கிறது. பெரியவர் நாற்காலியில் செய்தித்தாளோடு.*

பெரியவர் (பின்னணிக் குரல்): இந்த வீட்டில் ஒரு சதி நடக்கிறது.

*செய்தித்தாளைக் கொஞ்சம் இறக்கி, அதன் மேலாக நம்மைப் பார்க்கிறார்.*

பெரியவர்: சிரிக்காதீர்கள். என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

0:14 – 0:36

*சுவர்க் கடிகாரம். அவர் ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றுகிறார், பேட்டரியை மாற்றுகிறார், மாட்டுகிறார். தலையைச் சாய்த்து நிற்கிறார். திருப்தி இல்லை. மறுபடி கழற்றுகிறார்.*

பெரியவர்: முதல் ஆதாரம், இந்தக் கடிகாரம். நாற்பது வருஷமாக ஓடியது. போன மாதம் நின்றுவிட்டது. மூன்று பேட்டரி மாற்றிவிட்டேன். உயிரே இல்லை.

*அவர் ஸ்டூலை விட்டு இறங்கி வெளியே போன பிறகும் காமிரா கடிகாரத்தில் இரண்டு விநாடி நிற்கிறது. விநாடி முள் நகர்ந்துகொண்டிருக்கிறது. இதைச் சுட்டிக்காட்ட வேண்டாம். க்ளோஸ்-அப்பும் வேண்டாம். பத்தில் ஒருவர் கவனித்தால் போதும், அவர் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் சொல்லுவார்.*

ஒலிப்பதிவாளருக்கு: 0:25-இல், உச்ச ஸ்தாயியை வெட்டிக் கீழ் ஸ்தாயியை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டர் தொடங்குகிறது. 16,000 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கி 1:35-க்குள் 900 ஹெர்ட்ஸுக்கு வரவேண்டும். படிப்படியாக வெட்டி இறக்காதீர்கள், ஒரே வழுக்கலாக இறங்கட்டும். வால்யூமைத் தொடவேண்டாம். உயிரெழுத்தின் கனம் கீழ் அலைவரிசைகளில் இருப்பதால் பேச்சு உரக்கவே இருக்கும், ஸ, ச, த, ப மட்டும் கரைந்து போகும். "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை" என்று கேட்கும் திறன் குறைந்தவர்கள் சொல்வது இதைத்தான். பெரியவரின் பின்னணிக் குரலுக்கு மட்டும் ஃபில்டர் கிடையாது. அது அவர் மண்டைக்குள் ஓடும் குரல். அது தெளிவாக இருக்கும்வரை அரங்கின் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று யாருக்கும் தோன்றாது.

0:36 – 0:54

*ஜன்னல். பெரியவர் வெளியே பார்க்காமல், சட்டத்தில் கையை ஊன்றி நம்மிடம் பேசுகிறார். அவருக்குப் பின்னால், ஃபோகஸுக்கு வெளியே, கிளையில் பழுப்பாக ஏதோ அசைகிறது.*

பெரியவர்: இரண்டாவது ஆதாரம். இந்தக் கிளைக்குத் தினமும் ஒரு குருவி வரும். வந்தால் வீட்டையே எழுப்பிவிடும். இப்போது வருவதில்லை. யாரோ விரட்டியிருக்கிறார்கள்.

*பேத்தி, ஆறு வயது, ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடிக்கிறாள். முதுகு நம் பக்கம், முகம் தெரியாது. (உதட்டசைவைப் படிப்பவர்கள் அரங்கில் இருப்பார்கள், அதனால் இதில் சமரசம் வேண்டாம்.) ஏதோ சொல்கிறாள். நீரடியிலிருந்து வருவது போல இருக்கிறது.*

*அவர் குனிந்து புன்னகையோடு பதில் சொல்கிறார்.*

பெரியவர் (நேரில்): பத்தரை ஆகப்போகுதும்மா.

*அவள் திரும்பி ஒரு கணம் பார்க்கிறாள். போய்விடுகிறாள்.*

0:54 – 1:18

*இரவு, கூடம். மகள், மருமகன், பேத்தி, இன்னும் இரண்டு உறவினர். எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். பெரியவர் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். எல்லாரும் ஓயும் நேரத்தில் அவர் சிரிக்கத் தொடங்குகிறார், தனியாக. சட்டென்று நிறுத்துகிறார்.*

பெரியவர்: மூன்றாவது, ரகசியம். முன்பெல்லாம் இந்த வீட்டில் வாய்விட்டுப் பேசுவார்கள். இப்போது நான் வந்து உட்கார்ந்தால் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள்.

*மகளிடம் குனிந்து "என்ன?" என்கிறார். அவள் கையை லேசாக ஆட்டுகிறாள்.*

மகள் (மங்கலாக, ஆனால் புரியும் அளவுக்கு): ஒண்ணுமில்லப்பா.

பெரியவர்: என்ன என்று விசாரித்தால் இதே பதில். ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லாததற்கா அப்படிச் சிரிப்பார்கள்?

*(முணுமுணுப்பு பற்றிய வரி ஆபத்தானது, விஷயத்துக்கு மிக அருகில் போகிறது. எடுத்துப் பார்த்தேன், படம் சப்பென்றாகிவிட்டது. இருக்கட்டும். இந்த இடத்தில் சிலர் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்தவர்கள் பிரச்சினையைத்தான் கண்டுபிடித்திருப்பார்கள், மேடையில் என்ன வரப்போகிறது என்பதை அல்ல.)*

1:18 – 1:44

*வெட்டு, வெட்டு, வெட்டு. மருமகன் கடந்து போகிறான், உதடு அசைகிறது: "ஒண்ணுமில்ல மாமா." தொலைபேசியை மகளிடம் நீட்டுகிறார், அவள் பேசி முடித்து: "ஒண்ணுமில்லப்பா." பேத்தி அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள், ஏதோ சொல்கிறாள், அவர் தலையைச் சாய்க்கிறார், இன்னொரு முறை சொல்கிறாள், அவர் மறுபடி சாய்க்கிறார்.*

பேத்தி: ஒண்ணுமில்ல தாத்தா.

*இந்த ஒன்றில் மட்டும் வெட்டு தாமதமாகட்டும். அவள் நடந்து போவதை அவர் பார்க்கிறார். பின்னணிக் குரல் இல்லை. இசையும் இல்லை. படம் முழுக்கவே இசை கிடையாது. பழைய ஸ்கிரிப்டில் இருந்த டிரம்ஸ் ஏற்றத்தைக் கேட்டு வாங்கியவர்கள் மன்னிக்கவும்.*

பெரியவர் (குரலில் முதல்முறையாகக் குறும்பு இல்லை): அவளும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள்.

1:44 – 2:04

*மழை. ஜன்னலில் தாரை தாரையாக இறங்குகிறது, ஆனால் நமக்குக் கிடைப்பது அடியில் ஒரு உறுமல் மட்டும். பெரியவர் கூடத்தில் தனியாக. கடிகாரத்தின் அடியில் போய் நிற்கிறார். இந்த முறை பார்க்கிறார். விநாடி முள் ஓடுகிறது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கையை நீட்டி விரல் நுனியைக் கடிகாரத்தின் மீது வைக்கிறார். துடிப்பு விரலுக்குத் தெரிகிறது.*

பெரியவர்: ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

*நான்கு விநாடி மௌனம். நடிகர் எதுவும் செய்யவேண்டாம். கண்ணீர் வேண்டாம்.*

2:04 – 2:20

*வேறொரு காலை. மழை விட்டிருக்கிறது. பேத்தி ஜன்னலோரம், முதுகு நம் பக்கம். பெரியவர் நாற்காலியில், நமக்கு முதுகு காட்டி. அவர் தலையின் பக்கவாட்டை எந்தக் கோணத்திலும் காட்டக்கூடாது. அவர் மெதுவாக எழுகிறார்.*

ஒலி: 2:11 வரை மங்கல். 2:11-இல் ஃபில்டர் ஒரே நொடியில் திறக்கிறது. டிக். டிக். இலையிலிருந்து சொட்டும் நீர். சட்டையின் சரசரப்பு. அவர் மூச்சு. ஒரு கீச்சு. தனக்கு எதெல்லாம் போயிருந்தது என்பது அரங்குக்கு இப்போதுதான் தெரியவரும்.

*பேத்தி திரும்பி, முதல்முறையாக முகம் தெரிய, தெளிவாக:*

பேத்தி: தாத்தா...

*வெட்டு. கறுப்புத் திரை. அவள் சொல்லவந்தது பாதியில் நிற்கிறது. எழுத்து இல்லை, சின்னம் இல்லை, "விரைவில்" இல்லை. கடிகாரம் மட்டும் இருட்டில் ஐந்து முறை. ஐந்தாவதில் மேடை விளக்கு.*

---

மேடைக்குப் போகவேண்டியவை

பழைய ஸ்கிரிப்டின் முதல் பத்து விநாடியில் இருந்த புள்ளிவிவரங்கள் தலைமைப் பேச்சாளரின் தாளுக்குப் போகின்றன. கேட்கும் திறன் குறைந்து அதற்கு உதவி தேவைப்படுபவர்கள் உலகில் 43 கோடிக்கும் மேல், 2050-க்குள் இது 70 கோடியைத் தாண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்கிறது. உள்காதின் மயிரிழைச் செல்கள் ஏறத்தாழ 15,000 மட்டுமே, போனால் முளைப்பதில்லை, உச்ச ஸ்தாயியை ஏந்தும் செல்கள்தான் பெரும்பாலும் முதலில் போகின்றன என்ற வரியும் அங்கேயே. படத்துக்கு முன்னால் இவை பாடப்புத்தகம். படத்துக்குப் பிறகு சொன்னால், குருவியும் கடிகாரமும் ஏன் முதலில் காணாமல் போயின என்பதற்கு விளக்கம். அவர் முதல் வாக்கியமாக இதைச் சொல்லலாம்: "70 விநாடியாக உங்கள் ஒலியை மங்கவைத்துக்கொண்டே வந்தோம். எத்தனை பேர் கவனித்தீர்கள்?" கை தூக்கச் சொல்லவேண்டாம், ஒரு நொடி நின்றுவிட்டுத் தொடரட்டும்.

திரையில் எழுத்து வரி கட்டாயம் ஓடவேண்டும், இந்த விழாவுக்கு வருபவர்களில் பலருக்கு அது தேவை. பின்னணிக் குரல் முழுவதும் எழுத்தில் வரட்டும். மங்கிய பேச்சு வரும் இடங்களில் எல்லாருக்கும் ஒன்றுபோலப் புள்ளிகள் மட்டும். எழுத்தை நம்பியிருப்பவருக்கும் அதே புதிர்தான்.

வாசலில் வைக்கவிருந்த காது படம் போட்ட பதாகையை எடுத்துவிடுங்கள். அழைப்பிதழின் பின்பக்கத்துப் படத்தையும்தான்.

பேத்தியின் வாக்கியத்தை முழுதாகப் பதிவு செய்து ஒலி மேசையில் தனிக் கோப்பாக வைத்திருக்கவேண்டும். கருவி மேடையில் காட்டப்பட்டு, பேச்சாளர் அதைக் கையில் எடுத்த பிறகு, விளக்கு மங்கி, படத்தின் கடைசிக் காட்சி தொடரும். பெரியவர் ஜன்னலருகே வந்து நிற்கிறார், இப்போது பக்கவாட்டிலிருந்து. ஃபில்டர் இல்லை. 0:36-இலிருந்து அவள் மூன்று முறை சொன்னது இதுதான்:

பேத்தி: தாத்தா, குருவி வந்திருக்கு பாரு.