போட்டில் இருக்கும் தடையியை அளந்தால் மீற்றர் ஏன் வேறு கணக்குச் சொல்கிறது?

கிளிநொச்சி, இலத்திரனியல் டிப்ளோமா, இரண்டாம் அரையாண்டுச் செய்முறை வகுப்புக்கான வினா விடை

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நெருங்கும்போது ஒலிபெருக்கிக் கடைகளில் அம்பிளிபயர்கள் குவியும். பயிற்சிக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில்தான் நல்ல தடையிகளைக் கழற்றி எறிவதும், பழுதானதை விட்டுவிடுவதும் அதிகம். புதுக்குடியிருப்பிலோ ஒட்டுசுட்டானிலோ வேலை செய்பவருக்கு ஒரு உதிரிப்பாகத்துக்காக வவுனியாவுக்கு பஸ் ஏறுவது பாதி நாள் வேலை. ஆகவே கழற்றுவதற்கு முன் மீற்றர் சொல்வதை விளங்கிக்கொள்ள வேண்டும். வகுப்பில் நீங்கள் கேட்ட கேள்விகளையே கீழே எடுத்திருக்கிறேன்.

சேர், நிறவளையம் 10 கிலோஓம் எண்டு சொல்லுது, மீற்றர் 8.2 எண்டு காட்டுது. மீற்றர் பிழையோ?

மீற்றர் சரி. நீங்கள் கேட்ட கேள்விதான் வேறு. மல்ரிமீற்றர் தடையியை நேரே பார்ப்பதில்லை. தன் பற்றரியிலிருந்து ஒரு சிறு மின்னோட்டத்தை ஒரு முனையால் அனுப்பி மற்ற முனையால் திரும்பப் பெறுகிறது. இரு முனைகளுக்கும் இடையில் எழும் வோல்ற்றளவை அளந்து, `R = V / I` என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்டுகிறது. அனுப்பிய மின்னோட்டம் முழுவதும் உங்கள் தடையிக்குள்ளால்தான் போனது என்பது அந்தக் கணக்கின் எடுகோள். தடையி மேசையில் தனியே கிடந்தால் அது உண்மை. போட்டில் இருக்கும்போது மின்னோட்டம் கிடைக்கிற எல்லா வழியாலும் பிரிந்து போகும். மீற்றர் அந்த இரு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள முழுச் சுற்றின் தடையைத்தான் சொல்கிறது.

பக்கத்து வழியாலை எவ்வளவு குறையும்? கணக்காப் பார்க்கலாமோ?

பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். செய்முறையில் நாம் எடுத்த ஒற்றைத் திரான்சிற்றர் நிலையையே பாருங்கள். 12 வோல்ற் வழங்கல் கோட்டிலிருந்து அடிவாய்க்கு R1 = 47 கிலோஓம். அடிவாயிலிருந்து நிலத்துக்கு R2 = 10 கிலோஓம். சேகரிப்பானில் 4.7 கிலோஓம், காலியில் 1 கிலோஓம். வழங்கல் கோட்டுக்கும் நிலத்துக்கும் இடையில் போட்டின் மற்றப் பகுதிகள் எல்லாம் சேர்ந்து 500 ஓம் என்று வைப்போம்.

R2 இன் இரு கால்களிலும் முனைகளை வைக்கிறீர்கள், கறுப்பு முனை அடிவாயில். திரான்சிற்றரின் சந்திகள் பின்முகமாக இருப்பதால் அவற்றால் மின்னோட்டம் போகாது. ஆனால் R1 வழியே வழங்கல் கோட்டுக்கு ஏறி, அந்த 500 ஓம் வழியே நிலத்துக்கு இறங்க ஒரு பாதை இருக்கிறது. அதன் தடை 47.5 கிலோஓம். அது 10 கிலோஓமுக்குச் சமாந்தரம்:

```
R = (10 × 47.5) / (10 + 47.5) = 8.26 கிலோஓம்
```

நீங்கள் கண்ட 8.2 இதுதான். சுற்றுப்படத்தை வைத்து முதலில் இந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள், பிறகு முனையை வையுங்கள். எதிர்பார்த்த எண் கையில் இல்லாமல் போட்டில் தடை அளப்பதை என் வகுப்பில் நான் ஏற்கமாட்டேன். அப்படி எடுத்த அளவீட்டை எதனோடு ஒப்பிடுவீர்கள்?

முனையை மாத்தி வைச்சா 6 கிலோஓமுக்குக் கிட்ட வருது. ஒரே தடையி எப்பிடி ரெண்டு பெறுமானம் காட்டும்?

இப்போது சிவப்பு முனை அடிவாயில். மீற்றர் இந்த வீச்சில் 100 மைக்ரோஅம்பியர் அனுப்புவதாக எடுங்கள். 8.26 கிலோஓமுக்கு 0.83 வோல்ற் எழ வேண்டும். ஆனால் சிலிக்கன் சந்தி 0.5, 0.6 வோல்ற்றிலேயே கடத்தத் தொடங்கிவிடும். மின்னோட்டத்தின் ஒரு பங்கு அதற்குள்ளால் நழுவுகிறது, வோல்ற்றளவு 0.6 ஐத் தாண்ட மறுக்கிறது. 0.6 ஐ 100 மைக்ரோஅம்பியரால் வகுத்தால் 6 கிலோஓம். அப்படி ஒரு தடை அந்தப் போட்டில் எங்குமே இல்லை.

முனையை மாற்றும்போது பெறுமானம் மாறினால் பாதையில் எங்கோ ஒரு சந்தி இருக்கிறது, அல்லது கொள்ளளவியில் மின்னேற்றம் மிஞ்சியிருக்கிறது. வீச்சை மாற்றும்போது மாறினாலும் இவற்றையே சந்தேகியுங்கள், ஏனென்றால் வீச்சோடு மீற்றர் அனுப்பும் மின்னோட்டமும் மாறுகிறது. இரு பக்கமும் ஒரே பெறுமானம் வந்தால் பக்கத்து வழியே இல்லை என்று முடிவெடுக்காதீர்கள். தடையிகள் மட்டுமே உள்ள பக்கத்து வழிக்கு முன்பின் தெரியாது.

சில மீற்றர்கள் தடை வீச்சில் 0.3 வோல்ற் அளவுக்கு மேல் கொடுப்பதில்லை. அவற்றில் சிலிக்கன் சந்தி விழிக்காது, இரு பக்கமும் 8.26 தான் வரும். உங்கள் பக்கத்து மேசைக்காரரின் மீற்றர் வேறு எண் காட்டினால் சண்டை பிடிக்காமல் இரண்டு மீற்றரின் கைநூலையும் பாருங்கள்.

அப்ப போட்டிலை வைச்சு அளக்கிறதிலை பிரயோசனமே இல்லையோ?

நிறைய உண்டு. இந்தப் பாடத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். சமாந்தர வழி தடையைக் குறைக்கும், ஒருபோதும் கூட்டாது. ஆகவே போட்டில் அளந்த பெறுமானம், குறித்த பெறுமானத்தையும் அதன் பொறுதியையும் தாண்டி கூடுதலாக இருந்தால் அந்தத் தடையி பழுது. கழற்றிப் பார்க்காமலே சொல்லலாம். மேலே உள்ள R2 அறுந்துபோனால் கறுப்பு முனை அடிவாயில் இருக்க 47.5 கிலோஓம் வரும், 20 கிலோஓம் வீச்சில் வைத்திருந்தால் திரை `OL` காட்டும். இதற்கு ஒரே நிபந்தனை, சுற்றில் மிச்ச வோல்ற்றளவு இருக்கக்கூடாது.

பெறுமானம் குறைவாக இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது.

குறிச்ச பெறுமானமே அப்பிடியே வந்தா தடையி நல்லது தானே?

இதில்தான் பலர் விழுகிறார்கள். இரண்டு 10 கிலோஓம் தடையிகள் சமாந்தரமாக இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டும் நல்லதாயின் 5 கிலோஓம் வரவேண்டும். ஒன்று அறுந்தால் மீற்றர் 10 கிலோஓம் காட்டும். நிறவளையம் பார்த்து "சரி" என்று அடுத்ததற்குப் போய்விடுவீர்கள். முனை வைத்திருப்பது அறுந்த தடையியின் கால்களில், காட்டுவது பக்கத்துத் தடையியை! நிறவளையத்தோடு ஒப்பிடாமல் சுற்றுப்படத்தில் கணித்த எண்ணோடு ஒப்பிடச் சொல்வது இதற்காகத்தான்.

எண் நிக்காமல் ஏறிக்கொண்டே போகுது. எதை எழுதுறது?

கொள்ளளவி ஒன்று மின்னேறுகிறது. மீற்றரின் மின்னோட்டம் முதலில் அதற்குள் போவதால் தடை குறைவாகத் தொடங்கி மெல்ல ஏறும். 1000 மைக்ரோபரட் கொள்ளளவிக்கு 1 மில்லிஅம்பியர் போனால் வோல்ற்றளவு செக்கனுக்கு 1 வோல்ற் வீதம் ஏறும். 10 மைக்ரோஅம்பியர்தான் போகிறதென்றால் அதே 1 வோல்ற்றுக்கு 100 செக்கன் வேண்டும். ஏறி நிற்கும்வரை பொறுத்திருந்து எழுதுங்கள்.

கரண்டைக் கழட்டிப்போட்டுத்தான் அளந்தனான். ஆனாலும் மறைப் பெறுமானம் காட்டுது?

பிளக்கைக் கழற்றியது போதாது. கொள்ளளவியில் மிஞ்சிய மின்னேற்றம் மீற்றரின் வோல்ற்றளவோடு கூடும், அல்லது எதிர்த்து நிற்கும். 10 மைக்ரோஅம்பியர் அனுப்பும் வீச்சில் வெறும் 50 மில்லிவோல்ற் மிஞ்சியிருந்தாலே 5 கிலோஓம் பிழை. திசையைப் பொறுத்து கூடவும் காட்டும், குறையவும் காட்டும். முதலில் நேரோட்ட வோல்ற் வீச்சில் வைத்துப் பாருங்கள். சுழியம் கண்ட பிறகு மட்டும் ஓமுக்கு மாறுங்கள்.

ஆளிமுறை வழங்கிகளில் இது உயிர்ப் பிரச்சினை. 230 வோல்ற் ஆடலோட்டத்தைச் சீராக்கினால் முதன்மைக் கொள்ளளவியில் 325 வோல்ற் வரை நிற்கும். திருகாணி செலுத்தியால் குறுக்கிட்டு இறக்காதீர்கள், பொறி பறக்கும், போட்டும் போகும். 2.2 கிலோஓம், 10 வாற் தடையி ஒன்றைக் காவலிட்ட வயரோடு இணைத்து இறக்குங்கள். 100 மைக்ரோபரட்டுக்கு ஏறத்தாழ ஒரு செக்கன் போதும், இரண்டு மூன்று செக்கன் வைத்திருங்கள், பிறகு வோல்ற்றை மறுபடி அளவுங்கள்.

தோட்டக் கிணற்றுச் சூரிய மோட்டரின் கட்டுப்படுத்தி வந்தால் இன்னொன்று. பற்றரியைக் கழற்றியும் பலகத்தை விட்டுவிடுவார்கள். வன்னி வெயிலில் பலகம் தானே ஒரு வழங்கல். அதன் வயர்களையும் கழற்றாமல் ஓம் வீச்சைத் தொடாதீர்கள்.

சந்தேகம் தீரேல்லை எண்டா?

ஒரு காலை மட்டும் தூக்குங்கள். ஒரு முனை விலகினால் போதும், சமாந்தரப் பாதை அறுந்துவிடும். நிலத்தோடு சேர்ந்த அகன்ற செம்புப் பகுதி சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈயம் உருகத் தாமதிக்கும், பட்டை உரியும். ஆகவே ஒடுங்கிய தடத்தில் இருக்கும் காலைத் தெரியுங்கள். ஈயத்தை உறிஞ்சியோ பின்னல் செம்பாலோ எடுத்த பிறகு காலை மெதுவாக அசைத்துப் பாருங்கள். தானாக ஆடினால்தான் இழுக்க வேண்டும். தடத்தை வெட்டிப் பார்ப்பதை நான் விரும்புவதில்லை.

இரும்பை எடுப்பதற்கு முன் இலகுவானவற்றைச் செய்யுங்கள். ஒலிபெருக்கி, மாற்றி, இணைப்பு வயர் எல்லாவற்றையும் போட்டிலிருந்து பிரியுங்கள். தாங்கியில் செருகிய ஐசீ இருந்தால் கழற்றுங்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து வழியைக் குறைக்கும். மாற்றிச் சுருளுக்குச் சமாந்தரமாக இருக்கும் தடையியைப் போட்டில் அளந்து பயனில்லை, சுருளின் சில ஓம்தான் வரும்.

காலைத் தூக்கியும் 1 மெகாஓம் 700 கிலோவாக் காட்டுது.

இரண்டு கை விரல்களும் முனை உலோகத்தில் பட்டிருக்கின்றனவா? உங்கள் உடம்பும் ஒரு சமாந்தரத் தடைதான், வியர்த்த கை இன்னும் மோசம். ஒரு பக்கத்தை முதலைக் கவ்வியால் பிடியுங்கள். அதுவும் இல்லையென்றால் போட்டின் மேற்பரப்பைப் பாருங்கள். செம்மண் புழுதி ஈரம் பிடித்தாலும், பழைய கொள்ளளவியின் திரவம் கசிந்திருந்தாலும் மெகாஓம் அளவில் ஒரு வழி உருவாகும். ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மீண்டும் அளவுங்கள்.

வெளியீட்டுத் திரான்சிற்றரின் 0.22 ஓம் தடையி 0.6 காட்டுது. கூடக் காட்டினால் பழுது எண்டீங்களே?

நல்ல கேள்வி. இங்கே கூடியது முனை வயரின் தடை. இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2 முதல் 0.5 ஓம் வரை வரும். அதைக் கழித்த பிறகு ஒப்பிடுங்கள். சில ஓமுக்குக் கீழே சாதாரண மீற்றரின் கடைசி இலக்கத்தை நம்ப வேண்டாம். துல்லியம் வேண்டுமானால் நான்கு வயர் முறையில், மின்னோட்டத்துக்கு ஒரு சோடி, வோல்ற்றளவுக்கு வேறொரு சோடி வைத்து அளக்க வேண்டும்.

செய்முறைக் கொப்பியிலை எப்பிடி எழுதுறது?

எண்ணை மட்டும் எழுதினால் புள்ளி இல்லை. இப்படி எழுதுங்கள்: "R2, குறித்தது 10 கிலோஓம், கணித்தது 8.26, போட்டில் 20 கிலோஓம் வீச்சில் கறுப்பு அடிவாயில் 8.2, சிவப்பு அடிவாயில் 6.0, அளக்கமுன் வோல்ற் சுழியம், ஒரு கால் தூக்கி 9.9, தடையி நல்லது."