சாவியைக் கொடுப்பதற்கு முன்

அன்பு மகள் கயலுக்கு,

திங்கட்கிழமை முதல் நீ ஸ்கூட்டரிலேயே கல்லூரிக்குப் போகலாம். இதை முதல் வரியில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் "விடுவாரா, மாட்டாரா" என்று தேடிக்கொண்டே கடிதம் முழுவதையும் படிப்பாய். உனக்கு 18 வயது முடிந்துவிட்டது, லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, அம்மாவும் உன் கட்சி. நான் ஒருவன் எத்தனை நாள் மல்லுக்கட்டுவது?

நேரில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு வந்து சாவியைக் கேள், தருகிறேன்.

உனக்கு வண்டி ஓட்டத் தெரியும். மைதானத்தில் காலை ஊன்றாமல் நீ வளைத்துத் திருப்பியதைப் பார்த்தேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மைதானத்தில் யாரும் குறுக்கே வருவதில்லை. சாலையில் அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்பதை அவர் செய்வதற்கு முன்பே ஊகிக்க வேண்டும். அந்தப் பழக்கம் வர நாளாகும். அது வரும்வரை நான் சொல்கிறபடி கேள். வந்த பிறகு உன் யோசனையையும் நான் கேட்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று இருக்கிறது. தாமதமாகப் போவது இந்த வீட்டில் ஒருபோதும் குற்றமில்லை. முதல் வகுப்பு தவறட்டும், வருகைப் பதிவு குறையட்டும், தேர்வுக்கே கால் மணி நேரம் பிந்திப் போ. நான் வந்து பேசிக்கொள்கிறேன். வண்டி ஓட்டத் தெரியாததால் விழுகிறவர்களைவிட, நேரத்தைத் துரத்திக்கொண்டு போய் விழுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடத்தைப் பிடிக்கப் போய் மஞ்சள் விளக்கில் புகுவதும், பஸ்ஸுக்கும் சாலைத் தடுப்புக்கும் நடுவில் நுழைவதும் அவசரத்தில் செய்கிற காரியங்கள். எட்டரைக்கு வகுப்பென்றால் ஏழே முக்காலுக்குக் கிளம்பு. கண்ணாடி முன்னால் நிற்கும் நேரத்தை அதற்கு முன்பே முடித்துக்கொள். (இதைப் படித்து முறைக்காதே, நீயே ஒப்புக்கொண்ட விஷயம்தான்.)

முதல் மூன்று மாதம் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. உன் தம்பியே கேலி செய்வான், செய்யட்டும். கணக்கை நீயே போட்டுப் பார், அறிவியல் படிக்கிறவள்தானே. 40 வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது வண்டி. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்கே சுமார் ஒரு நொடி போய்விடும். அந்த ஒரு நொடியில் 60 வேகம் என்றால் கிட்டத்தட்ட 17 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு நிற்க வேண்டிய தூரமோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 40 வேகத்துக்கும் 60 வேகத்துக்கும் அந்தத் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசப்படும். கல்லூரிக்குப் போய்ச் சேருவதில் மிச்சமாகும் நேரம் ஒரு சில நிமிடங்கள்தான்.

பிரேக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். வலது கை முன் சக்கரம், இடது கை பின் சக்கரம் என்பது உனக்குத் தெரியும். பயந்து போய் முன் பிரேக்கைத் தொடாமலே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அழுத்து. திடீரென்று பிடுங்காமல் படிப்படியாக இறுக்கு. வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு திரும்பு. திருப்பத்தில் மணல் கிடந்தால் அந்த இடத்தில் முன் பிரேக்கை மறந்துவிடு. ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. மோட்டார் சைக்கிள்காரர் அலட்சியமாகக் கடக்கிற பள்ளம் உன் வண்டியை உதறிவிடும்.

ஹெல்மெட் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. அடுத்த தெரு வரை போனாலும் ஹெல்மெட்தான். தாடைப் பட்டையைப் பூட்டாத ஹெல்மெட், விழுகிற நேரத்தில் உனக்கு முன்பே கழன்று ஓடிவிடும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. தலையை இரு பக்கமும் ஆட்டிப் பார், ஹெல்மெட்டும் தலையோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளை நுரைதான் அடியை வாங்குகிறது. ஒருமுறை நசுங்கினால் அது மீண்டும் எழும்பாது. ஆகவே பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் என்னிடம் சொல், புதிது வாங்கித் தருகிறேன். முடி கொட்டுகிறது என்று சொல்லப்போகிறாய். உள்ளே ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொள்.

துப்பட்டா அணிந்து போகிற நாளில் அதை மடித்து இடுப்பில் இறுக்கிக் கட்டு. நுனி தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. பின் சக்கரம் அதை இழுத்தால் கழுத்தைத்தான் முதலில் சுற்றும். பையைக் கைப்பிடியில் மாட்டாதே, திருப்பும்போது தட்டும். முதுகில் மாட்டிக்கொள், கனமாக இருந்தால் இருக்கைக்கு அடியில் வை.

கைபேசியும் அந்த இருக்கைக்கு அடியில்தான் இருக்க வேண்டும். சட்டைப் பையில் இருந்தால் துடிக்கும், துடித்தால் மனம் அங்கே போய்விடும். காதில் பாட்டும் வேண்டாம், பின்னால் லாரி வருகிற சத்தம் உனக்குக் கேட்டாக வேண்டும். இதில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு விதி போட்டுக்கொண்டிருக்கிறோம். நீ கிளம்பிய பிறகு நாற்பது நிமிடம் நாங்கள் உன்னை அழைக்க மாட்டோம். அப்படியே பதற்றத்தில் நான் அழைத்துவிட்டாலும் நீ எடுக்காதே. எடுக்காததற்காக ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். எடுத்தால்தான் கேட்பேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி போதும், "வந்துவிட்டேன்" என்று. அம்மா அதைப் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்காருவாள், எனவே வண்டியை நிறுத்திய உடனேயே அனுப்பிவிடு.

பின்னால் யாரையும் ஏற்றாதே, ஆறு மாதத்துக்கு. உன் தோழி நல்ல பெண், எனக்குத் தெரியும். ஆனால் பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் பிரேக் பிடிக்கும் தூரமும் சமநிலையும் மாறிவிடும், திருப்பத்தில் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது உன் கையில் இல்லை. மூன்று பேராகப் போவது எந்தக் காலத்திலும் கூடாது. வண்டியை வேறு யாரிடமும் ஓட்டக் கொடுக்காதே. "அப்பா திட்டுவார்" என்று சொல்லித் தப்பித்துக்கொள். அந்தக் கெட்ட பெயர் எனக்கு வரட்டும்.

லாரி, பஸ் இவற்றின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு போகாதே. ஓட்டுநரின் முகம் அவருடைய பக்கக் கண்ணாடியில் உனக்குத் தெரியவில்லை என்றால், நீயும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சிக்னலில் நிற்கும்போதும் இதுதான். திரும்பப்போகிற லாரியின் உள்பக்கம் இடம் காலியாக இருக்கிறதே என்று நுழையாதே. அது திரும்பும்போது பின் சக்கரங்கள் அந்தக் காலி இடத்தின் மேல்தான் ஏறிவரும். நின்றிருக்கும் கார்களை ஒட்டிப் போகாமல் ஒரு கதவு திறக்கிற அளவு தள்ளிப் போ. நிறுத்தத்தில் நிற்கிற பஸ்ஸைத் தாண்டும்போது, முன்னாலிருந்து யாரோ ஓடிவரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே தாண்டு. நாய் குறுக்கே வந்தால் வெட்டித் திருப்பாதே. நேராகப் பிடித்தபடி பிரேக் போடு. நாயைக் காப்பாற்றப் போய் எதிர் வண்டியில் மோதுகிறவர்கள் உண்டு.

மழை. வெகுநாள் காய்ந்த சாலையில் விழுகிற முதல் தூறல்தான் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்கும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடும் பாதாளச் சாக்கடை மூடியும் நனைந்தால் கண்ணாடிதான். நீர் தேங்கிய இடத்தில் அடியில் என்ன குழி இருக்கிறதென்று தெரியாது, இறங்காதே. கொட்டும் மழையென்றால் ஏதாவது கூரையின் கீழ் நின்றுவிடு. மரத்தடி வேண்டாம். காய்ச்சலடித்தாலோ, இரவெல்லாம் விழித்துப் படித்திருந்தாலோ, தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்டிருந்தாலோ அன்று பஸ். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். யாராவது வண்டியில் உன்னைப் பின்தொடர்ந்தால் வேகத்தைக் கூட்டாதே, நேராக வீட்டுக்கும் வராதே. பெட்ரோல் பங்க், காவல் நிலையம், கூட்டமுள்ள கடை, எது முதலில் வருகிறதோ அங்கே போய் நின்று என்னைக் கூப்பிடு. நீ பயந்துவிட்டதாக யாரும் நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் உனக்கென்ன?

இறங்கியதும் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுத்தான் வண்டியைத் தள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கூட்டரைத் தள்ளும்போது கை தெரியாமல் முறுக்கினால் அது உன்னையும் இழுத்துக்கொண்டு பாயும். வாரத்துக்கு ஒருமுறை, கிளம்புவதற்கு முன், டயர் காற்று, பிரேக், விளக்கு, இண்டிகேட்டர் பார்ப்பது உன் வேலை. பெட்ரோல் செலவு என்னுடையது.

கீழே விழுந்துவிட்டால், அல்லது எதிலாவது மோதிவிட்டால், முதலில் சாலையை விட்டு ஓரமாக வா. யாரோடும் வாக்குவாதம் செய்யாதே. யார் மேல் தப்பு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உன்னால் முடிந்தவுடன் என்னை அழை. "உனக்கு அடிபட்டதா" என்பதைத் தவிர வேறெதுவும் நான் கேட்க மாட்டேன். வண்டி என்ன ஆனது என்று கேட்கவே மாட்டேன், அது இரும்பும் பிளாஸ்டிக்கும். தலை இடித்திருந்தால் காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். எனக்குத் தெரிந்துவிடுமோ என்று எதையும் மறைக்காதே. மறைத்தது தெரிந்தால்தான் சாவி திரும்ப என்னிடம் வரும்.

முதல் வாரம் உனக்குத் தெரியாமல் பின்னாலேயே வரலாம் என்று யோசித்தேன். அம்மாவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். உன் பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு நீ எங்காவது முட்டிக்கொள்வாய் என்றாள். எனவே வர மாட்டேன்.

இவற்றில் எதையாவது மாற்ற வேண்டுமென்று தோன்றினால் காரணத்தோடு கேள், பேசலாம். ஹெல்மெட்டையும் கைபேசியையும் தவிர. ஞாயிறு காலை ஆறரைக்கு மைதானத்துக்குக் கிளம்பு. 20 வேகத்திலும் 30 வேகத்திலும் திடீர் பிரேக் போட்டு எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து பார்க்கலாம். அளவு நாடா நான் எடுத்து வருகிறேன். ஷூ போட்டுக்கொள், செருப்பு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா