குடம் நிறையும் மூன்று காலம்

தாராவியில் தமிழ் வழியில் படிக்கும் நம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து பாடுவதற்காக இந்தப் பாட்டை எழுதியிருக்கிறேன். விடியும் நேரத்தில் குழாயடியில் நிற்பதும், பள்ளிக்குக் கிளம்புமுன் அம்மாவுக்கோ அக்காவுக்கோ குடம் பிடித்துக் கொடுப்பதும் உங்களில் பலருக்கு அன்றாட வேலை என்பதால், ஆங்கிலத்தின் மூன்று காலங்களையும் அந்த ஒரே வேலையைக் கொண்டே சொல்லியிருக்கிறேன். நிரப்புவதை ஆங்கிலத்தில் 'ஃபில்' என்பார்கள். தமிழ் வரிகளை நான் பாடுவேன். ஆங்கில வரிகளை நீங்கள் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும்.

குழாயில் தண்ணீர் வருகிறது,
குடமும் வரிசையில் நிற்கிறது;
ஒரே ஒரு வேலை, மூன்று காலம்,
ஓடி வாருங்கள், பாடிடலாம்!

நேற்று விடியலில் எழுந்தேன் நான்,
நீல நிறக் குடம் எடுத்தேன் நான்,
விளிம்பு வரைக்கும் நிரப்பினேன்,
வீட்டுக்குள்ளே இறக்கினேன்.
எஸ்டர்டே ஐ ஃபில்ட் த பாட்,
ஃபில்ட், ஃபில்ட், ஃபில்ட் த பாட்!
முடிந்த வேலை என்பதனால்
முளைத்தது பாரீர் சின்ன வால்!

அந்த வால்தான் 'இ', 'டி' என்னும் இரண்டு எழுத்துகள். எழுதும்போது இரண்டும் இருந்தாலும், வாயில் 'ஃபில்லெட்' என்று நீட்டாமல் 'ஃபில்ட்' என்று ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும்.

நித்தமும் காலையில் எழுகின்றேன்,
நின்று வரிசையில் நகர்கின்றேன்,
சத்தம் உயர்ந்திடும் வரையினிலே
தண்ணீர்க் குடத்தை நிரப்புகின்றேன்.
எவ்ரி டே ஐ ஃபில் த பாட்,
ஃபில், ஃபில், ஃபில் த பாட்!
நாள்தோறும் செய்யும் வேலைக்கு
வாலும் வேண்டாம் 'ஃபில்'லுக்கு!

குடத்தில் தண்ணீர் விழும் ஓசையை நாளைக் காலையில் கவனித்துக் கேளுங்கள். அடியில் கனத்து ஒலிப்பது, கழுத்தை நெருங்க நெருங்க மெல்லியதாகி மேலே ஏறும். குனிந்து பார்க்காமலே குடம் நிறையப் போவதை நாம் அறிவது அந்த ஓசையால்தான். அதேபோல 'ஃபில், ஃபில், ஃபில்' என்ற மூன்றையும் ஒன்றைவிட ஒன்று சற்று உயர்த்திப் பாடுங்கள்.

அண்ணன் நித்தமும் நிரப்பையிலே,
அக்கா நித்தமும் நிரப்பையிலே,
'ஹீ'யும் 'ஷீ'யும் வந்தவுடன்
'எஸ்' ஒன்று சேரும் கடைசியிலே.
எவ்ரி டே ஹீ ஃபில்ஸ் த பாட்,
எவ்ரி டே ஷீ ஃபில்ஸ் த பாட்!

நம் பிள்ளைகள் தேர்வில் அதிகம் விட்டுவிடுவது இந்த 'எஸ்' எழுத்தைத்தான் என்பதால், இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை பாடுவோம்.

நாளை விடியலில் எழுவேன் நான்,
நாலாம் ஆளாய் நிற்பேன் நான்,
தம்பி தூங்கும் வேளையிலே
ததும்பத் ததும்ப நிரப்புவேன்.
டுமாரோ ஐ வில் ஃபில் த பாட்,
வில் ஃபில், வில் ஃபில், வில் ஃபில் த பாட்!
வரப்போகும் வேலைக்கு முன்னாலே
'வில்' வந்து நிற்கும் தன்னாலே;
'ஷீ'யே வந்து நின்றாலும்
'எஸ்' வருவதில்லை பின்னாலே!

தமிழில் காலம் சொல்லின் நடுவில் இருக்கிறது. நிரப்பினேன் என்பதில் 'இன்', நிரப்புகிறேன் என்பதில் 'கிறு', நிரப்புவேன் என்பதில் 'வ்' என்று நடுவே ஒளிந்திருக்கும் துண்டுதான் காலத்தைக் காட்டுகிறது. கடைசியில் வரும் 'ஏன்' செய்தவர் யார் என்று சொல்லிவிடுவதால், 'நான்' என்று தனியே சொல்லாவிட்டாலும் பொருள் விளங்கும். ஆங்கிலத்தில் 'ஃபில்ட்' என்று மட்டும் சொன்னால் நிரப்பியது நானா, அவளா, அவர்களா என்பது தெரியாது. ஆகவே 'ஐ', 'ஷீ', 'தே' என்று ஆளை முன்னே நிறுத்தியாக வேண்டும்.

குழாயைத் திறந்து, குடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் அதே நொடியில் சொல்வதற்கு 'ஐ ஆம் ஃபில்லிங் த பாட்' என்ற வேறொரு வடிவம் இருக்கிறது. தமிழில் இரண்டுக்குமே 'நிரப்புகிறேன்' என்று சொல்லிவிடுகிறோம் என்பதால் குழப்பம் வரும். அதை அடுத்த வாரப் பாட்டில் பார்ப்போம்.

இப்போது நான் காலத்தை மட்டும் சொல்வேன். நேற்று என்றால் கையைத் தோளுக்குப் பின்னே காட்டி, நித்தமும் என்றால் நெஞ்சில் வைத்து, நாளை என்றால் முன்னே நீட்டி, நீங்கள் பதில் பாடுங்கள்.

நேற்று? ஐ ஃபில்ட் த பாட்!
நித்தமும்? ஐ ஃபில் த பாட்!
அக்கா நித்தமும்? ஷீ ஃபில்ஸ் த பாட்!
நாளை? ஐ வில் ஃபில் த பாட்!
அக்கா நாளை? ஷீ வில் ஃபில் த பாட்!