பேசுவதற்கு ஒரு நேரம்

தண்டையார்பேட்டை
சனிக்கிழமை

அன்புள்ள மாமா,

நாளை மறுநாள் உங்களுக்கு ஷிப்ட் மாறுகிறது. அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். நாள்தோறும் அரை மணி நேரத்தை நாம் இருவரும் பேசுவதற்கென்று குறித்துக்கொள்வோமா?

நீங்கள் பேசுவதில்லை என்பது என் குறையன்று. பேச்சு எப்போது வாய்க்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் எனக்குச் சிரமமாக இருக்கிறது. மணலியில் ஆலைக்குள் போகும்போதே கைப்பேசியைக் கேட்டில் வைத்துவிடுகிறீர்கள். நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது நீங்கள் தூங்குகிறீர்கள், அல்லது வேலையில் இருக்கிறீர்கள். அத்தையின் கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததையும், பாப்பா பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்பதையும் நாம் வாட்ஸ்அப்பில்தான் முடிவு செய்தோம். அவளுடைய படிப்பைப் பற்றி உங்களிடமிருந்து எனக்கு வந்தது ஒரு கட்டைவிரல் படம் மட்டும்.

எல்லா வாரத்துக்கும் ஒரே நேரம் வைக்க முடியாது என்பது தெரியும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மூன்று ஷிப்டும் சேர்ந்து நாள் முழுவதையும் எடுத்துக்கொள்வதால், எந்த நேரத்தைச் சொன்னாலும் அது ஏதோ ஒரு வாரத்தில் உங்கள் வேலை நேரமாகிவிடும். ஆகவே இரண்டு நேரம் கேட்கிறேன். பர்ஸ்ட் ஷிப்டிலும் நைட் ஷிப்டிலும் இரவு 8.15 முதல் 8.45 வரை, நைட்டுக்கு நீங்கள் 9.15-க்குத்தான் கிளம்புவீர்கள் என்பதால் அவசரம் இருக்காது. செகண்ட் ஷிப்ட் வாரத்தில் காலை 7.15, நான் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன். அந்த வாரம் இரவு பதினொரு மணிக்குப் பேசலாம் என்று முன்பு சொன்னீர்கள். பசியோடு வந்து தட்டின் முன் உட்காருபவரிடம் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசினால், அது கணக்குக் கேட்பது போலத்தான் இருக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை.

அந்த நேரத்தில் டிவி வேண்டாம், இருவர் கைப்பேசியும் அலமாரியில் இருக்கட்டும். சொல்ல எதுவும் இல்லாத நாளில் சும்மா உட்கார்ந்து டீ குடிப்போம். ரிலீவர் வராமல் டபுள் டூட்டி பார்க்க நேர்ந்தால் அன்றைக்கு நான் எதுவும் கேட்க மாட்டேன். கேட்டில் கைப்பேசியை வாங்கியதும், வெளியே வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆஃப் நாளிலும் இந்த நேரத்தை விட்டுவிட வேண்டாம் என்பது மட்டும் என் பிடிவாதம், ஏனென்றால் அன்றுதான் ராயபுரம் நண்பர்கள் உங்களை அழைத்துப் போகிறார்கள். போய் வாருங்கள், 8.45-க்குப் பிறகு.

இந்த நேரங்கள் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் என்று தோன்றினால் வேறு நேரத்தை நீங்களே சொல்லுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து தொடங்கி, மூன்று ஷிப்டும் ஒரு சுற்று முடியும் வரை பார்ப்போம். நாளை இரவுக்குள் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி