அக்கா, இது பூக்கார அண்ணன் நம்பர் இல்ல

அவங்க: அண்ணே ஞாயித்துக்கிழமை பொண்ணுக்கு முகூர்த்தம், மறந்துறாதீங்க. மல்லி 40 முழம், கனகாம்பரம் 10 முழம், ரோஜா மாலை 2 ஜோடி. காலைல 4 மணிக்கெல்லாம் மண்டபத்துல இருக்கணும்

நான்: வணக்கம்க்கா, கல்யாணத்துக்கு வாழ்த்துகள்! ஆனா இது பூக்கார அண்ணன் நம்பர் இல்ல, நான் ஸ்கூல் வாத்தியார். என்கிட்ட இப்ப இருக்கிற ஒரே கட்டு ஒன்பதாவது கணக்கு பேப்பர் கட்டுதான், அதை ஜடைல வச்சா பொண்ணு மணவறைய விட்டு எந்திரிச்சு ஓடிரும். நம்பரை ஒருதடவை பாருங்கக்கா, ஒரு இலக்கம் மாறியிருக்கும்

அவங்க: விளையாடாதீங்கண்ணே. போன தடவை மாதிரி விரிஞ்ச பூவா குடுத்துறாதீங்க, மொட்டா வேணும். மதுரை மல்லிதான் வேணும்

நான்: போன தடவை விரிஞ்ச பூ குடுத்த பழி எனக்கு வேணாம்க்கா 😀 பேப்பர் கட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், பாருங்க. மதுரை மல்லி 2013லயே புவிசார் குறியீடு வாங்கி ஊர் பேரோட பதிவாயிருச்சு, அதனால பூவோட அட்ரஸ் சரியாத்தான் இருக்கு, நம்ம நம்பர்தான் மாறிப்போச்சு. அதோட இது தை மாசம்க்கா, பனில மல்லி வரத்து கம்மி, முகூர்த்த நாள்னா கிலோ ஆயிரக்கணக்குல ஏறிரும், மாட்டுத்தாவணில முந்துனவங்களுக்குத்தான் பூ கிடைக்கும், என்கிட்ட பேசுற நேரத்துல அந்த அண்ணனுக்கு ஒரு போன் போட்டுருங்க

அவங்க: சரிண்ணே கோவிக்காதீங்க, அட்வான்ஸ் 2000 இப்பவே ஜிபே பண்றேன். இதே நம்பர்தான

நான்: அக்கா நில்லுங்க நில்லுங்க!! பணம் போடாதீங்க. போட்டா திருப்பி அனுப்பிருவேன், அது வேற, ஆனா எல்லா ராங் நம்பர்லயும் வாத்தியாரே இருப்பாருன்னு சொல்ல முடியாதுல்ல. பின் நம்பர் அடிக்கிறதுக்கு முன்னாடி மேல வர்ற பேரைப் படிங்க, பூக்காரர் பேரு வரலேன்னா அதோட விட்டுருங்க. போன தடவை அவர் குடுத்த ரசீது இருந்தா அதுல சரியான நம்பர் இருக்கும்

அவங்க: அய்யய்யோ தம்பி மன்னிச்சுக்கங்க!! 7க்கு பதிலா 1 போட்டு சேவ் பண்ணிருக்கேன். இப்பத்தான் அவர்கிட்ட பேசுனேன், என்னடா இன்னும் ஆர்டர் வரலன்னு அவரே பாத்துட்டு இருந்தாராம். நீங்க கட்டாயம் குடும்பத்தோட சாப்பிட வரணும்

நான்: மன்னிப்பெல்லாம் எதுக்குக்கா, கல்யாண வீட்டுல ஆயிரம் வேலை இருக்கும். நான் திருப்பூர்ல இருக்கேன், வர முடியாது, ஆனா பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும்னு மனசார வாழ்த்துறேன். ஒண்ணே ஒண்ணுக்கா, என் நம்பரை 'பூக்கார அண்ணன்'லேருந்து இப்பவே மாத்திருங்க, இல்லேன்னா வளைகாப்புக்கும் ஆர்டர் இங்கதான் வரும். அந்த நல்ல சேதிய மட்டும் மறக்காம இதே நம்பருக்கு அனுப்புங்க