ம.எ.

மூன்றாம் வருஷத்து அக்கா புத்தகத்தை நீட்டும்போதே சொல்லிவிட்டார்: "பென்சில் கிறுக்கலை எல்லாம் அழிச்சிட்டுக் குடு. திரும்ப விக்கணும்." மதுரை புது மண்டபத்தில் புத்தகக் கடைகள் இருந்த காலத்தில் அவர் வாங்கிய வெப்பவியல் புத்தகம் அது. அவருக்கு முன்னால் யார் வைத்திருந்தார்களோ, முதல் பக்கத்தில் பெயர் இருந்த இடம் கிழிந்திருந்தது.

சரி, அழிக்கலாம் என்று ரப்பரை எடுத்தேன். தன்வெப்ப ஏற்புத்திறன் பாடத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு வரி: "கு 1. 28–38." கீழே "ம.எ. 15". அதையும் அடித்து 30.

கு என்றால் குணகமா? ம.எ. என்றால் மதிப்பெண் எண்ணிக்கையா? புத்தகத்தில் அப்படிக் குறியீடே இல்லை. செல்போன் டார்ச்சைப் பக்கத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். பென்சிலின் கரி போயிருந்தாலும் அழுத்திய தடம் போகவில்லை. இடுக்கில் இன்னொரு வரி தெரிந்தது:

15 × 4186 × 10 = 6,27,900

4186 தண்ணீருக்குரிய எண்; ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற அத்தனை ஜூல் வேண்டும். பதினைந்து கிலோ தண்ணீர், பத்து டிகிரி சூடு. பதினைந்து லிட்டர் என்றால்... குடம்! ஒரு குடம் தண்ணீரை 28-லிருந்து 38-க்கு ஏற்றியிருக்கிறாள். அவள் என்று ஏன் முடிவு செய்தேனோ தெரியாது. குடம் வந்ததும் அவள் ஆகிவிட்டாள்.

அப்புறம் ம.எ. தானாக அவிழ்ந்தது. மண்ணெண்ணெய். ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 4.3 கோடி ஜூல். கணக்குப்படி பதினைந்து கிராம் போதும். ஆனால் ஸ்டவ்வின் சூட்டில் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் 30. எங்கள் சாருக்குக்கூட இந்த அடித்தல் பிடித்திருக்கும்.

அடுத்த ஓரத்தில்: "அம்மா குளிக்க. 1 லி. = 26 நாள்." அதன் கீழே, வேறு நாளில் எழுதியது போல, "மூடி போட்டு: 25. 32 நாள்." பக்கத்தில் இரண்டு முறை டிக். ஒரு லிட்டர் 800 கிராம் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். மாதம் தாண்டி இரண்டு நாள் மிச்சம்.

பக்கத்தைத் திருப்பினால் எழுத்து தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தமாக இருந்தது. "மார்கழி. 22–38. 40. 20 நாள்தான். மீதி 10?"

ரப்பர் எங்கேயோ உருண்டுவிட்டது. தேடவில்லை. டார்ச்சை இன்னும் கீழே இறக்கினேன். பக்கத்தின் அடிமூலையில், எண்ணெய்க் கறைக்குள், ஒரே ஒரு வரி:

"அத்தை வீட்டில் ½ லி. கடன்."

நானூறு கிராம். நாளுக்கு நாற்பது. சரியாகத்தான் வந்தது.